சதுரமல்லாத அணிக்கு நேர்மாறு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் மாலை நேரக் கணக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்கு வரும் பழைய மாணவர்களில் சிலர் பல்கலைக்கழகப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவதுண்டு. ஐந்தாம் படிவத்தில் 'மத்ரிக்ஸ் சோங்சாங்' என்ற பெயரில் 2×2 அணிக்கு ad − bc சூத்திரத்தைப் போட்டு நேர்மாறு கண்ட பிள்ளைகள், நிரைகளும் நிரல்களும் சமமாக இல்லாத அணியைக் கண்டதும் தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருவதால், எந்த அறிகுறி தென்பட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். மலாயில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே நிரை என்பது 'பாரிஸ்', நிரல் என்பது 'லாஜூர்'.

சோதித்துப் பார்க்க ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்டிய இடத்தில் சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கி இரண்டு சாக்குகளில் கட்டியிருக்கிறார்கள். முதல் சாக்கைத் தனியாகவும், இரண்டாவதைத் தனியாகவும், பிறகு இரண்டையும் சேர்த்தும் நிறுக்கிறோம். தெரியாத எடைகள் இரண்டு, நிறுவைகள் மூன்று. எந்த நிறுவையில் எந்தச் சாக்கு தராசில் இருந்தது என்பதைச் சொல்லும் அணி இது:

```
      1  0
A  =  0  1
      1  1
```

நிரைகள் அதிகமாகவும் நிரல்கள் குறைவாகவும் இருக்கும் இத்தகைய அணியை நெட்டை அணி என்றும், அதைச் சாய்த்துப் போட்டாற்போல் நிரல்கள் மிகுந்திருப்பதை அகல அணி என்றும் சொல்லுகிறேன். தராசு காட்டிய அளவுகள் 31, 24, 58 கிலோ. 31-உம் 24-உம் சேர்ந்தால் 55 தானே என்று கேட்பீர்கள். அந்த 3 கிலோ வித்தியாசம் பின்னால் நமக்கு நன்றாகவே உதவும்.

அறிகுறி 1: கணினி நேர்மாறு காண மறுக்கிறது

பைத்தானில் `import numpy as np` என்று எழுதிவிட்டு `np.linalg.inv(A)` என்று கொடுத்தால் இந்த வரி வருகிறது:

```
LinAlgError: Last 2 dimensions of the array must be square
```

இதில் பிழை உங்கள் எண்களில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. இடப்பக்கம் வைத்துப் பெருக்கினாலும் வலப்பக்கம் வைத்துப் பெருக்கினாலும் அலகு அணியைத் தரும் நேர்மாறு சதுர அணிக்கு மட்டுமே இருக்க முடியும். நமது A வழியாகச் செல்லும் எந்தப் பெருக்கலும் இரண்டே நிரல்கள் என்ற குறுகிய வாசலைக் கடக்க வேண்டியிருப்பதால், A-க்கு வலப்பக்கம் எதை வைத்துப் பெருக்கினாலும் கிடைக்கும் 3×3 அணியின் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை, 2-ஐத் தாண்டாது. 3×3 அலகு அணியின் தரமோ 3. ஆகவே நெட்டை அணிக்கு வலது நேர்மாறு கிடையவே கிடையாது. அதே காரணத்தால் அகல அணிக்கு இடது நேர்மாறு கிடையாது.

எனவே முதலில் அணியின் வடிவத்தைப் பார்த்து எந்தப் பக்கத்து நேர்மாறு சாத்தியம் என்று முடிவு செய்யுங்கள். நெட்டையாக இருந்தால் LA = I ஆகும்படி ஒரு L-ஐத் தேட வேண்டும்; அது இடது நேர்மாறு. அகலமாக இருந்தால் AR = I ஆகும்படி ஒரு R-ஐத் தேட வேண்டும்; அது வலது நேர்மாறு. இவை சாத்தியம் என்றுதான் சொன்னேன். நிச்சயம் என்று சொல்லவில்லை. அதற்கான நிபந்தனை அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி 2: சூத்திரத்தைப் போட்டேன், "Singular matrix" என்கிறது

நெட்டை அணிக்குப் பாடநூல் தரும் சூத்திரம் L = (AᵀA)⁻¹Aᵀ. இதைப் போட்டும் நடுவில் உள்ள சதுர அணிக்கு நேர்மாறு இல்லை என்று வந்தால், இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது வெறும் கைத்தவறு. AᵀA என்று எழுத வேண்டிய இடத்தில் AAᵀ என்று எழுதியிருப்பீர்கள். நமது A-க்கு AAᵀ ஒரு 3×3 அணி. அதன் மூன்றாம் நிரை முதல் இரண்டு நிரைகளின் கூட்டுத்தொகையாகவே இருக்கும், ஆகவே அணிக்கோவை பூச்சியம். நெட்டை அணி எதை எடுத்தாலும் இந்தப் பக்கம் இப்படித்தான் முடியும். சிறிய பக்கத்து அளவில் வரும் பெருக்கலையே எடுக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. 3×2 அணிக்கு 2×2 வர வேண்டும். 3×3 வந்தால் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டாவது காரணம் உண்மையானது. அணியின் நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. நிறுத்தவர் சாக்குகளைப் பிரிக்கச் சோம்பல்பட்டு எப்போதும் இரண்டையும் சேர்த்தே தராசில் ஏற்றினார் என்று வையுங்கள். மூன்றாம் முறை அதே இரு சாக்குகளின் எடையை இரு மடங்காக்கி எழுதிவிட்டார் என்றும் வையுங்கள். அப்போது அணி இப்படி இருக்கும்:

```
      1  1
C  =  1  1
      2  2
```

முதல் சாக்கில் ஒரு கிலோவைக் கூட்டி இரண்டாவதில் ஒரு கிலோவைக் குறைத்தால் இந்த மூன்று நிறுவைகளில் எதுவும் மாறாது. அதாவது x = (1, −1) என்பது பூச்சியமல்லாத மாற்றம், ஆனால் Cx = 0. இப்போது LC = I ஆகும் ஒரு L இருந்தால், LCx = x ஆக வேண்டும்; ஆனால் Cx பூச்சியம் என்பதால் LCx பூச்சியமாகத்தான் இருக்கும். இரண்டும் ஒருங்கே நடக்காது. அழிந்துபோன தகவலை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. அணியின் நிரல்கள் சார்பற்றவையாக இருந்தால்தான், அதாவது Ax = 0 என்பது x = 0 என்றால் மட்டும் நடந்தால்தான், இடது நேர்மாறு உண்டு.

இந்த நிபந்தனை போதுமானதும்கூட. AᵀAx = 0 என்றால் இருபுறமும் xᵀ-ஆல் பெருக்க, Ax-இன் நீளத்தின் வர்க்கம் பூச்சியமாகிறது; ஆகவே Ax = 0, ஆகவே x = 0. எனவே நிரல்கள் சார்பற்றவையாக இருந்தால் AᵀA-க்கு நேர்மாறு இருந்தே தீரும். C போன்ற அணி கையில் வந்தால் சூத்திரத்தோடு மல்லுக்கட்டாமல் தராசுக்குத் திரும்பிப் போய் ஒரு சாக்கையாவது தனியாக நிறுத்துவிட்டு வருவதே வழி.

நமது நல்ல A-க்குச் சூத்திரம் தருவது இது:

```
            1    2  -1   1
L  =       ---
            3   -1   2   1
```

முதல் நிரையை A-யின் முதல் நிரலோடு பெருக்கினால் (2 + 0 + 1)/3 = 1; இரண்டாம் நிரலோடு பெருக்கினால் (0 − 1 + 1)/3 = 0. மற்ற நிரையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: L கிடைத்தது, ஆனால் பெருக்கிப் பார்த்தால் அலகு அணி வரவில்லை

பெரும்பாலும் பக்கம் மாறிப் பெருக்கியிருப்பீர்கள். நமது கணக்கில் LA அலகு அணிதான், AL அப்படியில்லை:

```
            1    2  -1   1
AL  =      ---  -1   2   1
            3    1   1   2
```

இதைக் கண்டு L தவறு என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு. AL தவறான விடையன்று. அதற்கு வேறு வேலை இருக்கிறது. நிறுத்த மூன்று அளவுகளை எடுத்து, இரண்டு சாக்குகளால் உண்மையிலேயே வரக்கூடிய மிக அருகிலுள்ள மூன்று அளவுகளாக அது மாற்றுகிறது. 31, 24, 58-ஐ அதில் போட்டால் 32, 25, 57 வரும். இவற்றில் முதல் இரண்டும் கூடி மூன்றாவதாகின்றன. மீண்டும் ஒருமுறை போட்டாலும் அதே 32, 25, 57 தான் வரும். AL-ஐ அதனாலேயே பெருக்கினால் AL-ஏ கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை; மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் 2, அதாவது A-யின் தரம், வருகிறதா என்பது இன்னும் விரைவான சோதனை.

அறிகுறி 4: எனக்கு ஒரு L, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேறு L, இரண்டும் சரியாகப் பெருக்குகின்றன

இதுதான் எனக்குப் பிடித்த புகார், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும் இதுவே. சென்ற விடுமுறையில் இருவர் ஒரே கணக்கைச் செய்து கொண்டுவந்தார்கள். ஒருவரிடம் முதல் சாக்கு 32 கிலோ, மற்றவரிடம் 34 கிலோ. "சார், ரெண்டு பேருடைய அணியும் பெருக்கினா அலகு அணிதான் வருது, அப்புறம் எடை மட்டும் எப்படி மாறும்?" என்று கேட்டார்கள். சதுர அணிக்கு நேர்மாறு ஒன்றே என்று பழகிய மனத்துக்கு இது ஏதோ ஏமாற்று வேலை போலத் தோன்றுவது இயல்புதான்.

எல்லா இடது நேர்மாறுகளையும் ஒரே வீச்சில் காட்டும் கைமுறை ஒன்று இருக்கிறது. A-க்குப் பக்கத்தில் 3×3 அலகு அணியை எழுதி வைத்து, A-யை நிரைச் செயல்களால் சுருக்குங்கள்:

```
 1  0 |  1  0  0          1  0 |  1   0  0
 0  1 |  0  1  0    -->   0  1 |  0   1  0
 1  1 |  0  0  1          0  0 | -1  -1  1
```

மூன்றாம் நிரையிலிருந்து முதல் இரண்டையும் கழித்ததுதான் நடந்த ஒரே செயல். கோட்டுக்கு இடப்பக்கம் மேலே அலகு அணியும் கீழே பூச்சிய நிரையும் வந்துவிட்டன. வலப்பக்கத்தின் மேல் இரண்டு நிரைகள் அப்படியே ஓர் இடது நேர்மாறு. கடைசி நிரை n = (−1, −1, 1) என்பது A-யைப் பெருக்கினால் பூச்சியம் தரும் நிரை, அதாவது nA = 0. ஒருவேளை இடப்பக்கத்தில் முழு அலகு அணி வராமல் சுருக்கல் நின்றுவிட்டால், அறிகுறி 2-இல் பார்த்தபடி நிரல்கள் சார்ந்தவை. இடது நேர்மாறு இல்லை. இருப்பதையும் இல்லாததையும் ஒரே செயலில் சொல்லிவிடுவதால், கையால் செய்யும்போது சூத்திரத்தைவிட இந்த வழியையே நான் விரும்புகிறேன்.

nA பூச்சியம் என்பதால், மேல் நிரைகள் ஒவ்வொன்றிலும் n-இன் எந்த மடங்கைக் கூட்டினாலும் LA மாறாது. முதல் நிரையில் p மடங்கும் இரண்டாம் நிரையில் q மடங்கும் கூட்டினால் கிடைப்பது:

```
       1-p    -p    p
L  =
       -q    1-q    q
```

p-க்கும் q-க்கும் எந்த எண்ணைக் கொடுத்தாலும் இது இடது நேர்மாறே. இந்த வடிவத்துக்கு வெளியே வேறொன்றும் இல்லை. இப்போது 31, 24, 58-ஐப் போடுங்கள். முதல் சாக்கு 31 + 3p, இரண்டாம் சாக்கு 24 + 3q. அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள்: n-ஐ நிறுவைகளோடு பெருக்கினால் 58 − 31 − 24 = 3, அதே வித்தியாசம்தான். ஆக, இடது நேர்மாறைத் தேர்வதென்பது, நிறுவைகளுக்குள் உள்ள முரண்பாட்டை எந்தச் சாக்கின் கணக்கில் எவ்வளவு ஏற்றுவது என்று தீர்மானிப்பதுதான். நிறுவைகள் முரணின்றி 31, 24, 55 என்று இருந்திருந்தால் அந்த 3 பூச்சியமாகி, எல்லா L-களும் ஒரே விடையைத் தந்திருக்கும்.

34 கிலோ சொன்னவர் p = 1, q = 0 எடுத்தவர். முதல் நிறுவையை அடியோடு ஒதுக்கிவிட்டு, 58-இலிருந்து 24-ஐக் கழித்திருக்கிறார். 32 சொன்னவர் சூத்திரத்தைப் போட்டவர். அதில் p-யும் q-வும் மூன்றில் ஒன்று, ஆகவே சாக்குக்கு ஒரு கிலோ வீதம் ஏற்றப்பட்டு 32, 25 வருகிறது. எந்த நிறுவையும் ஒரு கிலோவுக்கு மேல் திருத்தப்படவில்லை. p-யும் q-வும் பூச்சியம் என்றால் மூன்றாம் நிறுவையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பொருள்.

இவற்றில் எது நல்லது? மூன்று நிறுவைகளிலும் ஒரே அளவு ஆட்டம், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருக்கிறது என்றால், முதல் சாக்கின் எடையில் புகும் ஆட்டத்தின் வர்க்கம் முதல் நிரை உறுப்புகளின் வர்க்கக் கூட்டுத்தொகைக்கு விகிதமாக இருக்கும். அது 1 − 2p + 3p². p = 1 என்றால் 2; p = 0 என்றால் 1; p = 1/3 என்றால் 2/3, அதைவிடக் குறைவாக எதுவும் வராது. சூத்திரம் தரும் L-இன் சிறப்பு இவ்வளவுதான். அது ஒன்றே இடது நேர்மாறு என்பதால் அன்று, ஆட்டத்தை மிகக் குறைவாகக் கடத்துவது என்பதால்தான் பாடநூல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. மீச்சிறு வர்க்க முறை என்பதும் இதுவே.

மூன்றாவது நிறுவை மட்டும் நன்கு சோதித்த நல்ல தராசில் நடந்தது, மற்ற இரண்டும் கொக்கித் தராசில் நடந்தவை என்றால் நிலைமை மாறும். 58-ஐ முழுக்க நம்பி, 3 கிலோவை இரு சாக்குகளுக்கும் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும். அப்போது p-யும் q-வும் பாதி, எடைகள் 32.5, 25.5. இதுவும் குறையற்ற இடது நேர்மாறுதான். தராசைப் பற்றித் தெரிந்தவர் இதைத்தான் எடுப்பார். தெரியாதவர் மூன்றில் ஒன்றை எடுப்பார். எந்த வழியில் L-ஐத் தேர்ந்தோம் என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரோடு சண்டை வராது.

அறிகுறி 5: `pinv` முணுமுணுக்காமல் விடை தந்தது, ஆனால் எடைகள் பொருந்தவில்லை

`np.linalg.pinv` என்ற கட்டளை எந்த அணிக்கும் விடை தரும். அது கணிப்பது போலி நேர்மாறு. மூர் 1920-இலும் பென்ரோஸ் 1955-இலும் தனித்தனியே வரையறுத்தது. நிரல்கள் சார்பற்றவையாக இருந்தால் அது (AᵀA)⁻¹Aᵀ-ஏ தான். சார்ந்திருந்தாலும் ஏதோ ஒன்றைத் தரும். ஆனால் அது இடது நேர்மாறு அன்று. நமது சோம்பேறி நிறுவை அணி C-யைக் கொடுத்துப் பாருங்கள்:

```
L = np.linalg.pinv(C)
print(L @ C)

[[0.5 0.5]
 [0.5 0.5]]
```

கடைசி இலக்கங்களில் சிறு வேறுபாடு தெரியலாம். அலகு அணி வர வேண்டிய இடத்தில் எல்லாம் பாதியாக நிற்கிறது. இரு சாக்குகளின் மொத்த எடை மட்டும் தெரிந்த நிலையில், அதைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்துவிடுகிறது. ஆள் பார்க்காத பாகப்பிரிவினை போல நியாயமாகத்தான் தோன்றும்; சாக்கு ஒன்று 40 கிலோவும் மற்றொன்று 15 கிலோவுமாக இருந்தாலும் 27.5 என்று இரண்டுக்கும் எழுதும். எச்சரிக்கை எதுவும் வராது என்பதால் `L @ C`-யை அச்சிட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அறிகுறி 6: நிரல்கள் சார்பற்றவைதான், ஆனாலும் "Singular matrix" அல்லது கோடிக்கணக்கான எண்கள்

தாளில் சார்பற்றவையாக இருக்கும் நிரல்கள் கணினியில் சார்ந்தவையாகத் தெரியும் நிலை உண்டு. இதை முயன்று பாருங்கள்:

```
e = 1e-8
D = np.array([[1, 1], [e, 0], [0, e]])
np.linalg.inv(D.T @ D)
```

D-யின் இரு நிரல்களும் மிக நெருங்கியவை, ஆனால் வேறானவை. DᵀD-யின் மூலைவிட்டத்தில் வர வேண்டியது 1 + 10⁻¹⁶. கணினியின் வழக்கமான தசம எண்ணில் 1-க்கு அடுத்து எழுதக்கூடிய எண் ஏறத்தாழ 2.2 × 10⁻¹⁶ தள்ளி இருப்பதால், இந்தக் கூடுதல் சுவடின்றி 1 ஆகிவிடுகிறது. நான்கு உறுப்புகளும் 1, நேர்மாறு இல்லை. AᵀA எடுக்கும்போது நிரல்களின் நெருக்கம் வர்க்கமாகப் பெருகிவிடுவதே காரணம். AᵀA-யை உருவாக்காமல் QR பிரிப்பின் வழியே போனால் தப்பலாம்:

```
Q, R = np.linalg.qr(D)
L = np.linalg.solve(R, Q.T)
```

இப்போது L கிடைக்கும், `L @ D` ஏறத்தாழ அலகு அணியாகவும் இருக்கும். ஆனால் L-ஐ அச்சிட்டுப் பாருங்கள்: 5 கோடி அளவிலான உறுப்புகள் நிற்கும். இரண்டாம் அளவீட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் விடையில் ஐம்பதாயிரம் பிழை. கணக்கின் முறையைச் சரிசெய்துவிட்டோம். அளவீட்டின் குறையை QR சரிசெய்யாது. இப்படிப் பெரிய எண்கள் தெரிந்தால் இடது நேர்மாறு பெயரளவில்தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

அறிகுறி 7: அகல அணிக்கு R கிடைத்தது, விடையில் கழித்தல் மூட்டை வருகிறது

அகல அணிக்கு உதாரணம் உரக் கணக்கு. எளிமைக்காக, ஒரு மூட்டை யூரியா ஒரு பங்கு தழைச்சத்தும், ஒரு மூட்டை பொட்டாஷ் ஒரு பங்கு சாம்பல் சத்தும், கலப்பு உரம் ஒரு மூட்டை இரண்டிலும் ஒவ்வொரு பங்கும் தரும் என்று கொள்வோம். தெரியாதவை மூன்று, தேவைகள் இரண்டு:

```
B  =  1  0  1
      0  1  1
```

இது A-யின் இடமாற்று. எனவே புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. A-யின் எந்த இடது நேர்மாறையும் இடமாற்றினால் B-க்கு வலது நேர்மாறு கிடைத்துவிடும். நிபந்தனையும் அப்படியே புரள்கிறது: இங்கே நிரைகள் சார்பற்றவையாக இருக்க வேண்டும். கிடங்கில் உள்ள மூன்று மூட்டைகளிலும் சாம்பல் சத்து தழைச்சத்தைப் போலச் சரியாக இரு மடங்கு என்றால், இரண்டாம் நிரை முதல் நிரையின் இரு மடங்கு. வேறு எந்த விகிதத்தையும் அந்தக் கிடங்கிலிருந்து கலக்க முடியாது, வலது நேர்மாறும் இல்லை.

சூத்திரம் R = Bᵀ(BBᵀ)⁻¹. தேவை 9 பங்கு தழைச்சத்து, 3 பங்கு சாம்பல் சத்து என்று கொடுத்தால் விடை (5, −1, 4). பெருக்கிப் பார்த்தால் 5 + 4 = 9, −1 + 4 = 3; சமன்பாடுகள் சரி. ஆனால் கழித்தல் ஒரு மூட்டை பொட்டாஷை எந்த மரத்துக்கும் போட முடியாது.

பிழை எங்கே? R எல்லாத் தீர்வுகளிலும் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைந்ததைத் தேர்கிறது. (5, −1, 4)-க்கு அது 42. யதார்த்தமான (6, 0, 3)-க்கு 45. குறி கழித்தலா கூட்டலா என்பதை அது பார்ப்பதே இல்லை. இதே காரணத்தால், (6, 0, 3)-இலிருந்து தொடங்கி B-யால் பெருக்கிப் பிறகு R-ஆல் பெருக்கினால் (6, 0, 3) திரும்பி வராது, (5, −1, 4) வரும். RB அலகு அணியன்று. வலது நேர்மாறு தேவையை நிறைவேற்றுமே தவிர, நீங்கள் முதலில் எதைக் கலந்தீர்கள் என்று நினைவில் வைத்திராது.

திருத்தம் எளிது. (1, 1, −1)-ஐ B பூச்சியமாக்குவதால், விடையோடு அதன் t மடங்கைக் கூட்டலாம்: (5 + t, −1 + t, 4 − t). கழித்தல் வராமலிருக்க t, 1-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்த மூட்டைகள் 8 + t. ஆகவே t = 1 எடுத்தால் 9 மூட்டைகளில் முடிகிறது: யூரியா 6, கலப்பு உரம் 3.

இதை நிரந்தரமாக்க விரும்பி, மூட்டை எண்ணிக்கையை எப்போதும் குறைவாக வைக்கும் ஒரே R-ஐக் கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று கிடைக்காது. தழைச்சத்துத் தேவை மிகுந்த (9, 3)-க்கு, கீழே எழுதியுள்ள இரண்டில் இடப்பக்கம் நிற்கும் R பொருந்தும். சாம்பல் சத்து மிகுந்த (3, 9)-க்கு வலப்பக்கத்தது பொருந்தி, (0, 6, 3) என்ற விடையைத் தரும்.

```
 1  -1            0   0
 0   0           -1   1
 0   1            1   0
```

இரண்டும் B-க்கு வலது நேர்மாறுகளே. மாற்றிப் போட்டால் இரண்டிலும் கழித்தல் மூட்டை 6 வரும். எனவே தேவைப் பட்டியலில் எந்தச் சத்து அதிகம் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற R-ஐ எடுத்துப் பெருக்குங்கள்.